மூன்று தடவை தள்ளிப்போன இன்டர்வியூ: யாருக்கு, எப்போது, என்ன எழுதுவது?

கேள்வி: "தக்கலை பக்கம் ஊர். இப்போது ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் உள்ள வேறொரு கம்பெனியில் முதல் ரவுண்ட் நன்றாகப் போனது. இரண்டாவது ரவுண்டுக்கு மூன்று தடவை தேதி கொடுத்து மூன்று தடவையும் மாற்றிவிட்டார்கள். கடைசியாக 'பிறகு சொல்கிறோம்' என்றார்கள், 9 நாளாகப் பேச்சே இல்லை. மெயில் போட்டால் தொந்தரவு செய்கிறான் என்று நினைப்பார்களா? லீவும் தீர்ந்துகொண்டிருக்கிறது. என்ன செய்யலாம்?"

தாராளமாக மெயில் போடுங்கள். அதனால் உங்கள் பெயர் கெடாது. நான் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் 11 வருடம் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன். நாகர்கோவிலில் இருந்து தினமும் ரயிலில் போய்வந்த வேலை. இன்டர்வியூவுக்குத் தேதி குறிப்பது, குறித்த தேதியை மாற்றுவது, மாற்றியதைப் போன் செய்து சொல்வது, இதிலேயே பாதி நாள் போய்விடும். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் என்ன எழுத வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

உங்களுக்குப் போன் செய்யும் எச்.ஆர். கையில் தேதி இல்லை. இரண்டாவது ரவுண்டை எடுப்பவர் ஏதாவது ஒரு புராஜெக்டில் வேலை செய்யும் சீனியர். அவரை நாங்கள் பேனல் என்போம். இன்டர்வியூ எடுப்பது அவருக்கு அன்றைய வேலைக்கு மேல் வந்து சேரும் இன்னொரு வேலை. கிளையண்ட் திடீரென்று கூப்பிட்டாலோ, ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேரில் ஏதாவது கோளாறு வந்தாலோ, அவர் முதலில் தள்ளிவைப்பது இன்டர்வியூவைத்தான். 10 மணி இன்டர்வியூவுக்கு 9.40க்கு 'வர முடியாது' என்று காலண்டரில் வந்து விழும். அந்த 20 நிமிடத்தில் வேறு பேனலைத் தேடுவோம். கிடைக்காவிட்டால் உங்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்போம். இது எல்லாக் கம்பெனியிலும் நடப்பது. உங்களுக்கும் இந்த வேலைக்கும் உள்ள வாய்ப்பைப் பற்றி இதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

ஆனால் மூன்று தடவை தள்ளிப்போவதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று, அந்தப் பணியிடமே நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். சர்வீஸ் கம்பெனிகளில் பல இடங்கள் ஒரு கிளையண்டின் புராஜெக்டை நம்பித்தான் திறக்கப்படுகின்றன. கிளையண்ட் 'கொஞ்சம் பொறுங்கள்' என்றால் ஆள் எடுப்பதும் நின்றுவிடும். எச்.ஆருக்கும் அது எப்போது திரும்பத் திறக்கும் என்று தெரியாது. வேலை இல்லை என்றும் சொல்ல முடியாமல், தேதியும் கொடுக்க முடியாமல் 'பிறகு சொல்கிறோம்' என்பார்.

இன்னொன்றை வெளியில் யாரும் சொல்லமாட்டார்கள். உங்களுக்கு முன்னால் இன்னொருவர் தேர்வாகி, அவர் கையில் ஆஃபர் இருக்கும். அவர் சரி என்று சொல்லியும் இருப்பார். ஆனால் ஆஃபரை வாங்கிக்கொண்டு, நோட்டீஸ் காலம் முடிவதற்குள் இன்னொரு ஆஃபருக்குத் தாவிவிடுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அந்தப் பயத்தில் அடுத்த ஆளைக் கைவிடாமல் வைத்திருப்பார்கள். இன்டர்வியூவை நடத்திவிட்டால் முடிவு சொல்லியாக வேண்டும், அதனால் நடத்தாமலேயே வாரம் வாரம் தள்ளுவார்கள். இது நல்ல பழக்கம் இல்லை. நானும் மேனேஜர் சொன்னதற்காகச் சிலரிடம் இப்படிச் செய்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

இந்த மூன்றில் உங்களுடையது எது? ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு தடவையும் நடந்ததை எழுதிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் முன்னால் சொன்னார்கள், என்ன காரணம் சொன்னார்கள், அதே மூச்சில் புதுத் தேதி கொடுத்தார்களா, இந்த மூன்றும் போதும். கடைசி நிமிடத்தில் மாற்றி, கூடவே புதுத் தேதியும் கொடுத்தால், அழைப்பில் இன்டர்வியூ எடுப்பவர் பெயரும் மாறிக்கொண்டே இருந்தால், அது பேனல் கிடைக்காத பிரச்சினை. முந்தின நாளே நிதானமாக ரத்து செய்து, தேதி சொல்லாமல் விட்டு, அவர்கள் இணையதளத்தில் அந்த வேலை விளம்பரமும் காணாமல் போயிருந்தால், இடம் நிறுத்தப்பட்டிருக்கலாம். தேதி மட்டும் வராமல், 'எப்போது சேர முடியும், வேறு ஆஃபர் ஏதும் இருக்கிறதா' என்று இடையிடையே கேட்டுக்கொண்டே இருந்தால், நீங்கள் வரிசையில் இரண்டாவது ஆளாக நிற்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் கலந்தும் வரும். முதல் தடவை பேனல் வராமல் போய், அதற்குள் இடமே நின்றுபோனதும் உண்டு. அதனால் கடைசித் தடவை நடந்ததற்குத்தான் எடை அதிகம்.

இனி மெயில். புதிதாக ஒரு மெயிலைத் தொடங்காதீர்கள். கடைசியாக வந்த மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள். பழைய தேதிகள் எல்லாம் கீழேயே இருக்கும், எச்.ஆர். தேட வேண்டியதில்லை. நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். கருத்து பிடிபட்டால் போதும் என்பதால் இங்கே தமிழில் தருகிறேன்.

"வணக்கம். டெஸ்ட் இன்ஜினியர் பணிக்கான என் இரண்டாவது ரவுண்ட் 4, 11, 19 ஆகிய தேதிகளில் குறிக்கப்பட்டு மாற்றப்பட்டது. இந்தப் பணியில் எனக்கு ஆர்வம் இருக்கிறது. பணியிடம் இப்போதும் திறந்திருக்கிறதா என்று தெரிவிக்க முடியுமா? திறந்திருந்தால், புதன் காலை 8 முதல் 9.30 வரை, வியாழன் மதியம் 1 முதல் 2 வரை, சனிக்கிழமை எந்த நேரமும் என்னால் கலந்துகொள்ள முடியும். நான் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருப்பதால், நேரத்தை முந்தின நாள் மாலை 5 மணிக்குள் உறுதி செய்தால் உதவியாக இருக்கும். நன்றி."

அவ்வளவுதான். போன் திரையில் விரலால் தள்ளாமல் படித்து முடிக்கிற நீளம். முதல் வரியில் மூன்று தேதிகளை மட்டும் சொல்கிறோம். 'மூன்று தடவை அலைக்கழித்துவிட்டீர்கள்' என்று சொல்லவில்லை. தேதிகளே அதைச் சொல்லிவிடும். இந்த மெயிலை எச்.ஆர். அப்படியே மேனேஜருக்கு அனுப்பிவைக்க வாய்ப்பு அதிகம். நானும் அப்படித்தான் செய்வேன். அதில் கோபம் இருந்தால் அனுப்பத் தயங்குவேன். வெறும் தேதிகள் இருந்தால், 'பாருங்கள் சார், மூன்று தடவை ஆகிவிட்டது' என்று நானே உங்களுக்காகப் பேசுவேன்.

நடுவில் இருக்கும் கேள்விதான் மெயிலின் உயிர். 'ஏதாவது தகவல் உண்டா' என்று கேட்டால் 'இன்னும் பரிசீலனையில் இருக்கிறது' என்று பதில் போட்டுவிட்டு அடுத்த மெயிலுக்குப் போய்விடலாம். 'இடம் திறந்திருக்கிறதா' என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தெரியாவிட்டால் மேனேஜரிடம் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியால் உங்கள் பெயர் மேனேஜர் முன்னால் மறுபடி வரும்.

நேரம் குறிப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கக் கிளையண்டோடு வேலை செய்யும் குழுவுக்கு நம் மாலை 6 மணிக்கு மேல்தான் மீட்டிங் அழைப்புகள் குவியும். அவர்களுக்குக் காலை நேரம் கொடுங்கள். இங்கிலாந்து கிளையண்ட் என்றால் மதியம் 2 மணிக்கு மேல் நெருக்கடி, காலையும் உணவு நேரத்துக்கு முன்னாலும் நல்லது. முதல் ரவுண்டில் பேசியவரிடம் இருந்தே எந்த நாட்டு கிளையண்ட் என்று ஓரளவு தெரிந்திருக்கும். திங்கள் காலையை விட்டுவிடுங்கள். என் அனுபவத்தில் அதிகம் ரத்தாவது அதுதான். அதோடு அவர்கள் ஊர் விடுமுறையையும் பாருங்கள். ஓண வாரத்திலும் ஆற்றுகால் பொங்கல் நாளிலும் திருவனந்தபுரத்தில் பேனல் கிடைப்பது கஷ்டம். அந்த நாட்களை நீங்களே கேட்டு வாங்கினால் நான்காவது தடவையும் தள்ளிப்போகும். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்கு நம் மாவட்டத்தில் லீவு விட்டாலும் அங்கே வேலைநாள் என்பது உங்களுக்குச் சாதகம். அன்றைக்கு நேரம் கொடுத்தால் லீவு எடுக்காமலேயே போகலாம், உங்கள் கம்பெனியும் இந்த மாவட்டத்தில் இருந்து அன்றைக்கு லீவு விட்டால்.

மெயில் அனுப்பிய பிறகு முழுதாக மூன்று வேலைநாள் விடுங்கள். பதில் இல்லை என்றால் நான்காவது நாள் காலை 11 மணிவாக்கில் போன் செய்யுங்கள். 10 மணிக்கு எல்லோரும் அன்றைய இன்டர்வியூக்களைத் தொடங்கிவைக்கும் ஓட்டத்தில் இருப்பார்கள். 11க்கு மேல்தான் கொஞ்சம் மூச்சுவிட முடியும். மெயிலில் கிடைக்காத உண்மை போனில் கிடைக்கும் என்பதற்கு எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அவளுக்கு வீடு மார்த்தாண்டம் பக்கம். அவளும் டெஸ்டிங்தான், மூன்று வருட அனுபவம். அவளுக்கும் இரண்டாவது ரவுண்ட்தான் தள்ளிப்போனது. முதல் தேதி 20 நிமிடம் முன்னால் ரத்து. அப்போது அவள் வீட்டில்தான் இருந்தாள், கிளம்பவில்லை, ஏனென்றால் அது வீடியோவில் நடப்பதாக இருந்தது. இரண்டாவது தேதியை நேரில் என்று மாற்றினார்கள். காலையிலேயே களியக்காவிளை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பாலராமபுரம் நெரிசலில் பஸ் நின்றுகொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் வருகிறது, பேனல் இல்லை என்று. தம்பானூர் வரை போய் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். மூன்றாவது தேதி முந்தின நாளே ரத்து, புதுத் தேதி இல்லை. அன்று மாலை என்னிடம் வந்தாள். கையில் இருந்த காகிதத்தில் மூன்றையும் வரிசையாக எழுதிப் பார்த்தோம். ரத்துச் செய்தி ஒவ்வொரு தடவையும் இன்னும் முன்னதாக வந்துகொண்டிருக்கிறது, கடைசியில் தேதியே இல்லை. பேனல் பிரச்சினையாகத் தொடங்கி வேறொன்றாக மாறிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. எச்.ஆர். இரண்டு தடவை 'வேறு எங்கும் ஓகே ஆகிவிட்டதா' என்று கேட்டதையும் அவள் சொன்னாள்.

மேலே சொன்ன மாதிரியே மெயில் போட்டாள். 'அடுத்த வாரம் சொல்கிறோம்' என்று பதில். அடுத்த வாரமும் போனது. பிறகு போன் செய்தாள். எச்.ஆர். பெண் நெய்யாற்றின்கரைக்காரி, பேச்சு மலையாளத்தில். இவள் கேட்டது இவ்வளவுதான்: "தேதி கேட்டுக் கூப்பிடவில்லை. வேறு யாருக்காவது ஆஃபர் கொடுத்து அவர் சேர்வதற்காகக் காத்திருக்கிறீர்களா? அப்படி என்றால் சொல்லிவிடுங்கள், நானும் வீணாக லீவு எடுக்காமல் இருப்பேன்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒருத்தர் 1ஆம் தேதி சேர வேண்டியிருக்கிறது, சேச்சி" என்றாள்.

மெயிலில் இதை எழுதியிருக்கவே மாட்டாள். எழுத்தில் இருந்தால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள். போனில், எரிச்சல் இல்லாமல், பதில் சொல்வதற்கு வசதியாகக் கேள்வி கேட்டதால் சொன்னாள்.

நம் பெண் அந்த வேலையை மனதில் ஓரமாக வைத்துவிட்டு வேறு இரண்டு இடத்துக்கு விண்ணப்பித்தாள். 1ஆம் தேதி முடிந்து இரண்டு நாள் கழித்து அதே மெயிலுக்குப் பதிலாக ஒரே ஒரு வரி அனுப்பினாள்: 'அந்தப் பணியிடம் நிரம்பிவிட்டதா, நான் இப்போதும் தயாராக இருக்கிறேன்.' சேர வேண்டியவர் வரவில்லை. அந்தச் சனிக்கிழமையே வீடியோவில் இன்டர்வியூ நடந்தது, தேர்வானாள். சம்பளம் அவள் கேட்டதைவிடக் குறைவுதான். வீட்டில் இருந்தே போய்வரலாம் என்பதால் ஏற்றுக்கொண்டாள். நான் இதில் கவனிக்கச் சொல்வது அந்த இரண்டு நாள் கணக்கை. இரண்டாவது ஆளாக நிற்பவருக்குக் கதவு திறப்பது முதல் ஆள் சேராமல் போகும் நாளில்தான். அந்த நாளில் எச்.ஆர். பதற்றத்தோடு பட்டியலைத் திறக்கும்போது உங்கள் மெயில் மேலே இருக்க வேண்டும்.

போனையும் எடுக்கவில்லை என்றால் இன்னொன்றைச் சந்தேகப்படுங்கள். அந்த எச்.ஆரே வேலையை விட்டிருக்கலாம். ஆள் எடுக்கும் பிரிவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். போகும்போது கையில் இருந்த பெயர்களை அடுத்தவரிடம் சரியாக ஒப்படைப்பதும் நடக்காது. பழைய காலண்டர் அழைப்பைத் திறந்து பாருங்கள். அழைப்பை அனுப்பியவர் என்று வேறொரு பெயர் இருக்கும், அவர்தான் நேரம் குறிக்கும் ஒருங்கிணைப்பாளர். அதே மெயிலை அவருக்கு அனுப்பலாம். பேனலில் இருப்பவருடைய முகவரியும் அதில் தெரியும். அவருக்கு அனுப்பாதீர்கள். அவரால் தேதி குறிக்க முடியாது, 'எனக்கு ஏன் இவர் எழுதுகிறார்' என்று எச்.ஆரிடம் கேட்பார், அது உங்களுக்கு எதிராகப் போகும்.

கன்சல்டன்சி மூலம் போயிருந்தால் வழி வேறு. அப்போது கேள்வியைக் கன்சல்டன்சிக்காரரிடம்தான் வைக்க வேண்டும். உங்களை அனுப்பியவர் என்ற முறையில் அவருக்குக் கமிஷன் இருக்கிறது. அவரைத் தாண்டி நேராகக் கம்பெனிக்கு எழுதினால் யார் அனுப்பிய ஆள் என்ற தகராறு வரும், கம்பெனி அந்தப் பெயரையே ஒதுக்கிவிடவும் கூடும். ஆனால் அவரிடமும் 'ஏதாவது தெரிந்ததா சார்' என்று கேட்காதீர்கள். இடம் திறந்திருக்கிறதா என்று கம்பெனியில் கேட்டு நாளைக்குள் சொல்ல முடியுமா என்று கேளுங்கள்.

வேறு ஆஃபர் கையில் இருந்தால் அதைச் சொல்வது தவறே இல்லை. 'எனக்கு ஓர் ஆஃபர் வந்திருக்கிறது, 28ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், உங்கள் பணியை முதலில் பார்க்க விரும்புகிறேன்' என்று எழுதினால் மேனேஜரிடம் கொண்டுபோக எச்.ஆருக்கு ஒரு கெடு கிடைக்கும். தேதியைத் தள்ளும் கம்பெனியை இதைவிட வேகமாக அசைக்கும் வரி நான் பார்த்ததில்லை. ஆனால் இல்லாத ஆஃபரைச் சொல்லவே கூடாது. ஆஃபர் கடிதத்தின் நகலைக் கேட்பார்கள். நாங்கள் கேட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு அந்தப் பெயருக்கு நேராக விழும் குறிப்பு அழிவதில்லை.

நேரில் வரச் சொல்லும் கம்பெனி என்றால், அதுவும் சென்னை, பெங்களூரு என்றால், மூன்றாவது ரத்துக்குப் பிறகு நீங்கள் ஒரு நிபந்தனை வைக்கலாம். நான் வேலை தேடிய காலத்தில் மாலையில் நாகர்கோவிலில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறி, விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி, அங்கேயே முகம் கழுவிச் சட்டை மாற்றி ஒரு கம்பெனிக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் டைரியைப் புரட்டிவிட்டு, "இன்றைக்கு இன்டர்வியூ இல்லையே, உங்களுக்குச் சொல்லவில்லையா?" என்றாள். அன்றிரவு ரயிலுக்கு முன்பதிவு இல்லாத பெட்டியில்தான் இடம். அதனால்தான் சொல்கிறேன், 'இந்த ரவுண்டை வீடியோவில் நடத்த முடியுமா, இறுதி ரவுண்டுக்கு நேரில் வருகிறேன்' என்று கேளுங்கள். முடியாது என்றால், இரண்டு நாள் முன்னால் உறுதி செய்யச் சொல்லுங்கள். முந்தின நாள் தட்கலில் டிக்கெட் எடுத்து, உறுதியான அந்த டிக்கெட்டை நீங்கள் ரத்து செய்ய நேர்ந்தால், பணம் திரும்பாது. இந்தக் காரணத்தை அப்படியே எழுதலாம், எவரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பயணச் செலவைக் கம்பெனி தருமா என்பதையும் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். போய்வந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் அதனால் வேலையே போயிருக்கிறது. தேதி மாறும்போது சில நேரம் பழைய அழைப்பை ரத்து செய்யாமல் புது அழைப்பை மட்டும் அனுப்புவார்கள். உங்கள் காலண்டரில் இரண்டும் இருக்கும், இரண்டிலும் வேறு வேறு லிங்க். நீங்கள் பழைய லிங்கில் உட்கார்ந்து காத்திருப்பீர்கள், பேனல் புது லிங்கில் 10 நிமிடம் பார்த்துவிட்டு 'ஆள் வரவில்லை' என்று பதிவு செய்துவிட்டுப் போய்விடுவார். கம்பெனியே மூன்று தடவை மாற்றிய இன்டர்வியூவில் வராதவர் என்ற பெயர் உங்களுக்கு வந்து சேரும். ஒவ்வொரு தடவை தேதி மாறும்போதும் பழைய அழைப்பை நீங்களே காலண்டரில் இருந்து நீக்குங்கள். அன்றைக்கு 5 நிமிடம் முன்னால் உள்ளே போங்கள். 10 நிமிடம் ஆகியும் யாரும் வராவிட்டால், திரையைப் படம் பிடித்து, 'இந்த லிங்கில் 9.55 முதல் காத்திருக்கிறேன், சரியான லிங்க்தானா' என்று எச்.ஆருக்கு வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் அனுப்புங்கள். மேலும் 20 நிமிடம் இருந்துவிட்டு வெளியே வரலாம். அந்தப் படம் இருந்தால் யாரும் உங்கள் மேல் பழி போட முடியாது.

மெயில், போன் இரண்டும் ஆகி ஒரு வாரம் ஆனபின் கடைசியாக ஒரு மெயில். 'பதில் வராததால் இப்போதைக்கு வேறு வாய்ப்புகளைப் பார்க்கிறேன். இந்த இடம் மறுபடி திறந்தால் என்னைத் தொடர்புகொள்ளுங்கள், மகிழ்ச்சியோடு வருவேன்' என்று இரண்டு வரி. அதற்கு மேல் நீங்களாக எழுத வேண்டாம். ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு தடவை விசாரிக்கலாம், முதல் ஆள் சேராமல் போனால் உங்களுக்கு உதவும் என்பதற்காக. இதற்கிடையில், இருக்கும் வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டாவது ரவுண்ட் எப்படியும் நடக்கும், இப்போதே ராஜினாமா கொடுத்தால் நோட்டீஸ் காலம் சீக்கிரம் முடியும் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். ஆஃபர் கடிதம் கையில் வராமல் அந்தக் கணக்கு வேண்டாம்.

நான்காவது தேதி வந்து இன்டர்வியூ நடந்தால், பழைய கதையை எடுக்காதீர்கள். பேனலில் இருப்பவருக்கு உங்கள் இன்டர்வியூ மூன்று தடவை மாறியது தெரியாமலே இருக்கலாம். அவரே மன்னிப்புக் கேட்டால் 'பரவாயில்லை சார், தொடங்கலாம்' என்று சொல்லிவிட்டு வேலையைப் பேசுங்கள். முடிவில் கேள்வி கேட்கச் சொல்லும்போது மட்டும், 'இந்தக் குழுவில் எப்போதுக்குள் ஆள் தேவைப்படுகிறது' என்று கேளுங்கள். உடனே தேவை என்றால் குரலிலேயே தெரியும். 'பார்க்கலாம், இன்னும் முடிவாகவில்லை' என்றால் அடுத்த தள்ளலும் வரக்கூடும் என்று எடுத்துக்கொண்டு, லீவு எடுப்பதை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். அரை நாள் போதும் என்றால் முழு நாள் எடுக்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் கடைசித் தடவை தேதி கொடுக்கவில்லை, 9 நாள் ஆகிவிட்டது. இது பேனல் பிரச்சினையைத் தாண்டிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை 10.30க்கு அந்த மெயிலை அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அடுத்த திங்கள் 11 மணிக்குப் போன். அந்தப் போனில் மார்த்தாண்டத்துப் பெண் கேட்ட கேள்வியையே கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதினால், அடுத்த மெயிலைச் சேர்ந்தே பார்க்கலாம்.